வாயைப் பார்த்தால் தெரியும்: பேய், பூதம், யாளி

1967-இல் வெளிவந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாடியிலிருந்து கிளம்பி வரும் பூதமாக ஜாவர் சீதாராமன் நடித்தார். அராபியக் கதைகளின் ஜின்னுக்குத் தமிழில் பூதம் என்று பெயர் சூட்டியது யாருக்கும் உறுத்தவில்லை. பூதம் என்றால் வானுயர நிற்கும், கைகட்டிச் சேவகம் செய்யும், இடியாகச் சிரிக்கும் என்று அதற்குள் எல்லோர் மனத்திலும் ஒரு படம் பதிந்திருந்தது. அதே பூதத்தைச் சோழர் கோயில்களில் தேடிப் போகிறவர் பெரிய சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவார். சுவருக்கு மேலே, கூரையின் வளைந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே, கைக்கடக்கமான உருவங்கள் வரிசையாக ஓடும். குடவயிறு, குட்டைக் கால், உப்பிய கன்னம். ஒன்று மத்தளம் அடிக்கும், ஒன்று ஆடும், ஒன்று பழிப்புக் காட்டும். கோயில் ஆய்வாளர்கள் அந்த வரிசையைப் பூதவரி என்கிறார்கள். சிவனின் கணங்களான பூதங்கள் குள்ளர்கள்.

உயரத்தை வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும். கோரத்தை வைத்தும் பிரிக்க முடியாது. பேயின் பல்லும் அரக்கனின் பல்லும் யாளியின் பல்லும் ஒரே உளியால் செதுக்கியதுபோலத்தான் இருக்கின்றன.

நாட்டார் கதைகளை வகைப்படுத்த உட்கார்ந்த அறிஞர்களும் இந்த இடத்தில் திணறியிருக்கிறார்கள். பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்னே 1910-இல் தொடங்கி, அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் விரித்து, ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் 2004-இல் புதுப்பித்த கதைவகைப் பட்டியலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் 1000 முதல் 1199 வரையிலான எண்கள் முட்டாள் அரக்கனின் கதைகளுக்கு உரியவை. அந்தத் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் ராட்சதனையும் சாத்தானையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கதையில் ராட்சதன் ஏமாறுகிறான். பக்கத்து நாட்டில் அதே கதையில் சாத்தான் ஏமாறுகிறான். ஆள் மாறினாலும் கதை மாறுவதில்லை. ஓயாமல் வேலை கொடுக்காவிட்டால் எஜமானையே விழுங்கிவிடும் பூதத்திடம் நாய்வாலை நிமிர்த்தச் சொன்ன கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் அதற்குச் சுருட்டை முடி. நிமிர்த்த முடியாமல் தோற்பது சாத்தான். பட்டியலில் அதன் எண் 1175.

தமிழ் மரபில் இவர்களைப் பிரித்தறிய இன்னொரு வழி உண்டு. வாயைப் பார்க்க வேண்டும். அது என்ன தின்கிறது, என்ன பேசுகிறது, பேசிய சொல்லில் நிற்கிறதா? இந்தக் கேள்விகளோடு பழைய காப்பியங்களுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைந்தால் குழப்பம் பெரும்பாலும் விலகுகிறது.

தொடங்க நல்ல இடம் சிலப்பதிகாரம். ஒரே காப்பியத்துக்குள் ஒரு பேயும் ஒரு பூதமும் வருகின்றன. இரண்டும் மனிதரைத் தின்கின்றன.

பேய் வருவது மாலதியின் கதையில். மாற்றாள் குழந்தைக்கு அவள் பால் புகட்டும்போது விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. பழி வருமே என்று அஞ்சிய அவள் பிணத்தை எடுத்துக்கொண்டு புகார் நகரத்துக் கோயில் ஒவ்வொன்றாகப் போய் அழுகிறாள். கடைசியில் பாசண்டச் சாத்தன் கோயிலில் கிடக்கும்போது அழகிய பெண் உருவில் ஒருத்தி வருகிறாள். தவம் செய்யாதவர்களுக்குத் தேவர் வரம் தரமாட்டார்கள் என்று ஆறுதல்போலப் பேசுகிறாள். குழந்தையைக் கொடு பார்க்கலாம் என்பதுபோல வாங்குகிறாள். இருட்டில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் விழுங்கிவிடுகிறாள். அவள் இடாகினிப் பேய். சாத்தன் இரங்கித் தானே அந்தக் குழந்தையாக வந்து சேர்வது பிறகு நடக்கிறது. பேய் அங்கே செய்ததைக் கவனித்தால் மூன்று செயல்கள் தெரிகின்றன: வேறு உருவம் எடுத்தது, பேச்சால் நெருங்கியது, தின்றது. மாலதியைக் கைநீட்டி அடிக்கவில்லை. அடிக்கும் வலிமை அதற்கு இருப்பதாகவும் காப்பியம் சொல்லவில்லை.

பூதம் இருப்பது அதே நகரத்தின் நாற்சந்தியில். சதுக்கப்பூதம் என்று பெயர். பொய்த்தவ வேடக்காரர், பிறன்மனை நயப்போர், பொய்ச்சாட்சி சொல்வோர் போன்றவர்களைப் பாசத்தால் கட்டி, அடித்து உண்ணும். ஒளிந்து வருவதில்லை, நான்கு காதத் தொலைவுக்குக் கேட்கும் குரலில் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. பத்தினி ஒருத்தியின்மேல் பொய்ப்பழி சொன்ன ஒருவனை அது பிடித்துவிட்டபோது அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் பாய்ந்து போய், இவனை விட்டுவிட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுக்கிறது. கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்கினால் தனக்கு நற்கதி இல்லை என்று காரணமும் சொல்கிறது. கோவலன் கண்முன்னேயே அந்தப் பொய்யனைத் தின்கிறது. அவனுடைய குடும்பத்தைக் கோவலன் பிறகு காப்பாற்றுகிறான்.

இரண்டும் தின்றன. பேய் பொய் சொல்லித் தின்றது. பூதம் பொய் சொன்னவனைத் தின்றது. இளங்கோவடிகள் இந்த வேறுபாட்டை எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. அவர் காலத்துக் கேட்போருக்கு அது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

பேயின் முதல் அடையாளம் பசி. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இந்தப் பசியை வைத்தே ஒரு காப்பியத்தை நடத்திவிடுகிறது. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதைதான் பாட்டுடைப் பொருள். ஆனால் நூலில் அதிக நேரம் மேடையில் நிற்பவை பேய்கள். பனைமரம்போல நீண்ட கைகால், ஒட்டி உள்வாங்கிய வயிறு, உலர்ந்த உடம்பு. காளியிடம் போய்ப் பட்டினியைச் சொல்லி அழுவதற்கென்றே ‘பேய் முறைப்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. போர் முடிந்ததும் அவை களத்துக்கு ஓடுகின்றன. யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழித்து, பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று உட்காரவைத்துப் பரிமாறுகின்றன. ஊரில் யார் யார் உண்டோ அத்தனை பேரும் பேயிலும் உண்டு. செயங்கொண்டார் இதை நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பந்தியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: பேய் வேறு இனம் கிடையாது, செத்தும் பசி தீராத மனிதர்தான்.

கிராமத்தில் பேய் ஓட்டுகிறவர் செய்வதும் இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. உடுக்கை அடித்துக்கொண்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, நீ யார் என்பது. எந்த ஊர், எப்படிச் செத்தாய் என்பது அடுத்தது. தூக்குப் போட்டுச் செத்தவர், கிணற்றில் விழுந்தவர், கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்தவர் என்று வயதுக்கு முன்னால் முடிந்துபோன ஓர் உயிரின் பெயர் வெளிவரும். பேசுவது பிடிக்கப்பட்ட பெண்ணின் வாய். குரல் செத்தவருடையது என்று கூட்டம் நம்பும். பிறகு பேரம். கோழி வேண்டும், சுருட்டு வேண்டும், புதுச்சேலை வேண்டும் என்று அது கேட்கும். கேட்டதில் சிலவற்றைக் கொடுத்து, போவதாகச் சத்தியம் வாங்கி, உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிடுவார்கள். இந்த முறையில் எங்கும் போர் கிடையாது. பெயர், கோரிக்கை, சத்தியம், எல்லை என்று ஒரு வழக்கு விசாரணைபோலவே நடக்கிறது. சத்தியம் வாங்கிய பிறகும் ஆணி அடிப்பதற்குக் காரணம், பேயின் சொல்லை யாரும் முழுதாக நம்புவதில்லை.

அந்த அவநம்பிக்கைக்கு ஆதாரம் காட்டச் சொன்னால் பழையனூர் நீலியைக் காட்டுவார்கள். கொன்ற கணவனைப் பழிவாங்க வந்த நீலிக்கு நேராக அவனைத் தொட முடியாது. அவனிடம் மந்திர வாள் இருந்தது. எனவே கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கணவன் என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் முறையிட்டாள். குழந்தையும் அவனைப் பார்த்துத் தாவியது. பஞ்சாயத்து அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்கும் கொடுத்தது. வாளை வாங்கி வைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் வாக்கைக் காப்பாற்றத் தீயில் இறங்கினார்கள். இந்தக் கதையில் ஒரு சண்டைகூட இல்லை. எல்லாம் வாய்ச்சொல்லால் நடந்தது. பேயின் ஆயுதம் அதுதான்.

பழையனூருக்குப் பக்கத்திலேயே திருவாலங்காடு இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பேயுருவோடு வந்து சேர்ந்த தலம். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று அவர் கேட்டுப் பெற்ற வடிவம் அது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் வற்றிய மார்பும் எலும்பு தெரியும் விலாவுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறார். கலிங்கத்துப்பரணியின் பேய்க்கும் இவருக்கும் உடம்பில் வேறுபாடு இல்லை. அவை கூழுக்குத் திறந்த வாயை இவர் பாட்டுக்குத் திறந்தார். சிற்பி காட்டிய ஒரே மாற்றம் கையிலிருக்கும் தாளம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் இந்த உலகத்தைப் பார்த்தபோது அவர்கள் கையில் இருந்த அளவுகோல் சாத்தான். கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிப் பனைத்தொழில் மக்களைப் பற்றி எழுதிய நூலில் ஊர்ச்சாமி வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே விவரித்தார். இறந்த மனிதர்களின் ஆவிகள்தான் இப்படி வணங்கப்படுகின்றன என்பதை அவர் சரியாகவே கண்டிருந்தார். ஆனால் சாத்தான் கடவுளுக்கு எதிரி. இசக்கியோ அநியாயமாகச் செத்த ஒரு பெண். ஒன்றை விரட்டத்தான் முடியும்; மற்றொன்றுக்குப் பீடம் போட்டு, கொடை நடத்தி, வயிறு நிறையப் படைத்தால் அது ஊரைக் காக்கும். இந்த இடத்தில் ஐரோப்பியப் பேயும் தமிழ்ப் பேயும் பிரிந்துவிடுகின்றன.

அடுத்தது பேருருவம். பெரியது என்று சொல்லிவிட்டால் பெரியதாகிவிடாது. கேட்பவன் மனத்தில் அது வளர வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் வாயிற்காவலர் சிற்பத்தில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. காவலன் காலடியில் ஒரு பாம்பு. அந்தப் பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானை எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பு காலடியில் புழுவாகக் கிடக்கும் என்றால் ஆள் எவ்வளவு பெரியவன் என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பர் இதே கணக்கைச் சொல்லால் செய்கிறார், கும்பகர்ணனிடம். உறங்குகிறவனை எழுப்பப் போகிறார்கள். அவன் உடம்பின்மேல் குதிரைகளை ஓட்டுகிறார்கள். தாலாட்டியதுபோல அவன் இன்னும் நன்றாக உறங்குகிறான். உலக்கையால் இடித்த பிறகுதான் கண் திறக்கிறான். எழுந்ததும் 600 வண்டிச் சோறு, குடம் குடமாகக் கள், அதற்கும் மேல் 1200 எருமைகள். போர்க்களத்துக்கு அவன் வரும்போது இராமனே, கால் முளைத்த மலையோ என்று வியக்கிறான்; ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் பார்வை போய்ச் சேரப் பல நாள் ஆகும் என்கிறான். வால்மீகியில் இன்னும் சுவையான ஓர் இடம் உண்டு. கும்பகர்ணனைக் கண்டு வானரங்கள் சிதறி ஓட, வீடணன் ஒரு யோசனை சொல்கிறான்: இது உயிருள்ள ஆள் இல்லை, உயர்த்தி நிறுத்திய ஓர் இயந்திரம் என்று அவர்களிடம் சொல்லுங்கள், பயம் போய்விடும். படை நடத்தத் தெரிந்தவன் பேச்சு அது. பேருருவம் தரும் அச்சத்தில் பாதி அது உயிரோடிருக்கிறது என்ற நினைப்பிலிருந்து வருவது.

இவ்வளவு பெரிய வாயைப் படைத்துவிட்டு அந்த வாயில் கம்பர் என்ன பேச வைத்தார் என்பதில்தான் தமிழ் மரபின் தனி முத்திரை இருக்கிறது. பிறன் மனைவியைச் சிறை வைத்துவிட்டு மானம் பேசுகிறாயே என்று அண்ணனைக் கடிகிறான் கும்பகர்ணன். அறம் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும். தம்பி வீடணன் வந்து அழைத்தபோது, நீ போய்ப் பிழைத்துக்கொள், உண்ட சோற்றுக்கு நான் இங்கேயே சாகிறேன் என்கிறான். போரில் மூக்கும் காதும் போன பிறகு இராமனிடம் இரண்டு கோரிக்கை வைக்கிறான். தம்பியைக் காப்பாற்று, மூக்கில்லாத என் முகத்தை யாரும் பார்க்காதபடி தலையை அறுத்துக் கடலில் போடு. 1200 எருமை தின்ற வாயிலிருந்து வரும் கடைசிச் சொற்கள் இவை. ஐரோப்பியக் கதைகளின் ராட்சதன் பெரும்பாலும் ஏமாந்து சாகிறான். கல்லென்று சொல்லிப் பாலாடைக்கட்டியைப் பிழியும் சிறுவனிடம் தோற்கிறான். கும்பகர்ணனை யாரும் ஏமாற்றவில்லை. அவன் எல்லாம் தெரிந்தே போனான்.

பேருருவம் கொண்டவன் வாக்குத் தவறமாட்டான் என்ற எதிர்பார்ப்பு சின்னக் கதைகளிலும் தொடர்கிறது. திருப்பரங்குன்றத்தில் நக்கீரரைப் பிடித்துக் குகையில் அடைத்த பூதத்துக்கு 1000 பேர் என்று ஒரு கணக்கு. வழிபாட்டில் பிழைத்தவர்களை மட்டுமே பிடிக்க வேண்டும். எண்ணிக்கை நிறைந்த பிறகே தின்ன வேண்டும். ஆயிரமாவது ஆள் சிக்கியதும் அது தின்னும் முன்னால் குளிக்கப் போயிற்றாம். அந்த இடைவெளியில் நக்கீரர் திருமுருகாற்றுப்படை பாடி எல்லோரையும் மீட்டார் என்பது தலக்கதை. பேயாக இருந்தால் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

அசுரன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். பேரரசு, குலம், தவம், கல்வி எல்லாம் அவனுக்கு உண்டு. அவன் வாய் கேட்கும் வாய். சாகாவரம் கிடைக்காது என்று தெரிந்து, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கேட்கிறான். இரணியன் பகலில் இல்லை, இரவில் இல்லை, உள்ளே இல்லை, வெளியே இல்லை என்று கேட்டான். அந்திப்பொழுது, வாசற்படி, சிங்கமும் மனிதனும் கலந்த உருவம் என்று அவன் அடுக்கில் விட்ட இடுக்குகளிலேயே மரணம் நுழைந்தது. இங்கே வேடிக்கை ஒன்று உண்டு. கலப்புருவம் கொடுமையின் அடையாளம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கதையில் கலப்புருவம் எடுத்தவர் கடவுள்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நடக்கும் சூரசம்ஹாரத்தில் அசுரனின் உருவம் எப்படி இயங்குகிறது என்று கவனிக்கலாம். பல்லக்குச் சுமப்பதுபோல ஆட்கள் தோளில் தூக்கி வரும் சூரனின் உடம்பு ஒன்றுதான், தலைதான் மாறுகிறது. முதலில் யானைமுகம். முருகனைச் சுற்றி வந்து எதிர்த்து நிற்கும், வேல் பாயும், தலையைக் கழற்றிவிட்டுச் சிங்கமுகத்தை மாட்டுவார்கள். அதுவும் விழுந்த பிறகு சூரபத்மனின் சொந்த முகம். கடைசியில் மாமரம், சேவல். தாரகன், சிங்கமுகன், சூரன் என்ற மூன்று அண்ணன்தம்பிகளும் ஒரே உடம்பில் வந்துபோகிறார்கள். விலங்கு முகங்கள் முதலில் விழுகின்றன. மனித முகம் கடைசிவரை நிற்கிறது. பிளந்த மாமரத்தின் ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். ஒன்று ஊர்தியாகிறது, மற்றொன்று கொடியில் ஏறுகிறது. பேயை ஊருக்கு வெளியே மரத்தில் அறைகிறவர்கள், அசுரனைச் சாமியோடு கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய்விடுகிறார்கள். கயிலையை அசைத்து விரல் நுனியில் நசுங்கிய இராவணனும் அப்படித்தான். சம்பந்தர் ஏறக்குறைய எல்லாப் பதிகங்களிலும் எட்டாம் பாட்டை அவனுக்கென்று ஒதுக்கினார். சிவன் கோயில் திருவிழாக்களில் கயிலாய வாகனத்தின் அடியில் அவன் வீணையோடு ஊர்வலம் வருகிறான்.

பூதம், அசுரன், கலப்புருவம் மூன்றையும் ஒரே சுவரில் பார்க்க விரும்புகிறவர் மாமல்லபுரம் போகலாம். மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி ஒரு போரைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார். இடப்பக்கம் சிங்கத்தின்மேல் எட்டுக் கைகளோடு கொற்றவை, வில்லை வளைத்துக்கொண்டு. அவளைச் சூழ்ந்து பூதகணங்கள். இங்கேயும் குள்ளர்கள், குடவயிற்றர்கள், கையில் ஆயுதம். வலப்பக்கம் அசுரப்படை. அவர்களுக்குக் கோரைப்பல் இல்லை, பேருருவம் இல்லை; வீழ்கிறபோதும் அழகான ஆடவர் உடம்பு. அவர்கள் நடுவே மகிடன்: எருமைத் தலை, மனித உடம்பு, இரு கையாலும் பிடித்த பெரிய கதை. பின்வாங்கக் காலெடுத்தும் முகம் திரும்பாமல் நிற்கிறான். கோரமான உருவங்களைக் கணக்கெடுத்தால் தேவியின் பக்கத்தில்தான் அதிகம் என்பதை வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பிற்காலச் சோழர் கோயில்களின் வடபுறச் சுவரில் இந்தப் போர் முடிந்துபோயிருக்கிறது. தேவி அமைதியாக நிற்கிறாள். காலடியில் வெறும் எருமைத்தலை. மல்லையில் மகிடனுக்கு உடம்பு இருந்தது, உடம்பில் தயக்கம் இருந்தது. இங்கே அவன் பீடம்.

கலப்புருவங்களில் பேச வாய் கிடைத்ததற்கு மட்டுமே கதை கிடைத்திருக்கிறது. புருஷாமிருகம் அதற்குச் சான்று. சிங்க உடம்பில் மனித முகம்; தீவிர சிவபக்தன்; திருமால் பெயரைக் கேட்டால் சினம் கொள்ளும். தருமனின் வேள்விக்காக அதை அழைத்துவரப் போன பீமன் கோவிந்தா, கோபாலா என்று கூவிக்கொண்டே ஓட, அது துரத்தியது. பிடிபடப் போகும்போதெல்லாம் பீமன் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே போட்டான், அது லிங்கமாயிற்று, புருஷாமிருகம் நின்று பூசை செய்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் சிவராத்திரிதோறும் பக்தர்கள் 12 சிவாலயங்களுக்கு, கோவிந்தா கோபாலா என்று சொல்லிக்கொண்டே ஓடும் சிவாலய ஓட்டத்துக்கு இந்தக் கதையைத்தான் காரணம் சொல்கிறார்கள். கடைசியில் பீமன் ஒரு கால் அதன் எல்லைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாகப் பிடிபட்டான். வழக்குத் தருமனிடம் போயிற்று. உள்ளே இருந்த பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே சொந்தம் என்று அவன் தம்பிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னான். மனித முகம் இருந்ததால் அந்த விலங்குக்குப் பக்தி வந்தது, கோபம் வந்தது, நீதி கேட்கவும் முடிந்தது.

யாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஸ்ரீரங்கத்திலும் மதுரைப் புதுமண்டபத்திலும் கிருஷ்ணாபுரத்திலும் தூணுக்குத் தூண் பாய்ந்து நிற்கிறது. ஆனால் பெயர் சொல்லி அழைக்க ஒரு யாளிகூட இல்லை. யார் பெற்ற பிள்ளை, என்ன வரம் வாங்கியது, யார் கொன்றார் என்று எதுவும் கிடையாது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கிறது. விரலை விட்டு உருட்டலாம்; வெளியே எடுக்க முடியாது. பல்லுக்கும் உருண்டைக்கும் ஒரே கல். வாயைக் குடைந்து உருண்டையை உள்ளேயே விடுவித்திருக்கிறார்கள். தின்னவும் முடியாமல் பேசவும் முடியாமல் ஒரு வாய். அதன் வேலை படியோரத்திலும் தூணிலும் வாசலிலும் நிற்பது. திருவாசியின் உச்சியில் இருக்கும் கீர்த்திமுகத்துக்கு மட்டும் ஒரு புராணம் கிடைத்தது: சலந்தரன் அனுப்பிய தூதனை விழுங்கச் சிவன் படைத்தான், பிறகு வேண்டாம் என்று தடுத்ததும் பசி தாங்காமல் தன் உடம்பையே தின்று தலை மட்டும் மிஞ்சியது. அதுவும் தின்ற கதைதான்.

கதை இல்லாத இடத்தை இப்போது வேறொன்று நிரப்பிக்கொண்டிருக்கிறது. யாளி உண்மையில் வாழ்ந்து அழிந்த விலங்கு என்ற பேச்சு சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. சங்கப் பாடல்களில் யானையை அடித்துத் தந்தம் பறிக்கும் ஆளி வருகிறதே என்று சான்றும் காட்டுகிறார்கள். பாடல்களில் அது வருவது உண்மைதான். ஆனால் சிற்பிகள் செதுக்கியிருப்பதைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஒரு தூணில் யாளிக்குத் துதிக்கை இருக்கும், அடுத்த தூணில் சிங்கமுகம், இன்னொன்றில் குதிரைமுகம். படியோரத்து யாளியின் துதிக்கை கைப்பிடிச் சுவராகவே நீண்டு சுருண்டு முடிகிறது. யானையைச் செதுக்கும்போது இவர்கள் தலையை இப்படி மாற்றிப் பார்த்ததில்லை. யாளியில் மட்டும் ஒவ்வொரு பட்டறையும் தனக்கு வேண்டிய தலையை வைத்துக்கொண்டிருக்கிறது.